மார்க்கே பெயரான காலம்

அரையாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளி திறந்ததும் எங்கள் விடுதிப் பள்ளியில் நடக்கும் முதல் வேலை, வகுப்பைப் பிரிப்பது. நாமக்கல் வட்டாரத்தில் 2009 மார்ச்சில் பிளஸ் டூ எழுதிய செட் நாங்கள். அப்போது மொத்தம் 1200 மதிப்பெண். 1100க்கு மேல் வாங்கியவர்கள் ‘ஏ’ பிரிவு. அடுத்தடுத்த படிகளில் இருந்தவர்கள் ‘பி’, ‘சி’. ஏதாவது ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போனவர்களுக்கு எழுத்து கிடையாது. அவர்கள் ‘ஸ்பெஷல் பேட்ச்’. வகுப்பறை போதவில்லை என்று, மெஸ்ஸை ஒட்டியிருந்த ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் அவர்களுக்குப் பெஞ்ச் போட்டார்கள். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போதே அவர்களுக்கு விடுதி ஒரு பெயர் வைத்துவிட்டது: ‘ஷெட்டு’. “அவன் ஷெட்டுடா” என்றால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பரீட்சைக் காலத்துக்கென்று எங்களிடம் தனிப் பேச்சு ஒன்று இருந்தது. எப்போதும் புத்தகமும் கையுமாக இருப்பவன் ‘பழம்’ அல்லது ‘படிப்ஸ்’. “ஒண்ணுமே படிக்கலைடா” என்று சொல்லிவிட்டு சென்டம் வாங்குகிறவன் ‘சீன் பார்ட்டி’. புரியாமல் மனப்பாடம் செய்கிறவன் ‘மொட்டை உரு’. வாத்தியாரிடம் சந்தேகம் கேட்கிறேன் என்று பின்னாலேயே போகிறவன் ‘சொம்பு’. மார்க் குறைந்தவனுக்கு மக்கு, தத்தி, தண்டம் என்று வகைவகையாக இருந்தது. நான் பழம். என்னோடு இன்னும் சில பழங்கள் இருந்தார்கள். நாங்களும் சும்மா இருந்ததில்லை, எங்களைப் பழம் என்றவன் இயற்பியலில் கோட்டை விட்டால் “பல்பு வாங்கிட்டியா?” என்று கேட்டுச் சரிக்கட்டிக்கொள்வோம். காலை நாலரை மணிக்கு மணி அடித்து, ஐந்துக்கு முதல் ஸ்டடி, எட்டுக்குத் தினத்தேர்வு, ராத்திரி பத்து வரை மறுபடி ஸ்டடி என்று ஓடிய அந்த மாதங்களில், ஒருவரை ஒருவர் கலாய்த்துக்கொள்வதுதான் எங்களுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு. அதில் பெரும்பகுதி யாரையும் காயப்படுத்தவில்லை. இன்று கொடுத்ததை நாளைக்கு வாங்கிக்கொண்டோம்.

அந்த விளையாட்டுக்குள் வர முடியாமல் போன ஒருவனைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். பெயர் வேண்டாம். விசைத்தறி ஓட்டும் ஒருவரின் மகன். பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியிருந்ததால், கடன் வாங்கி எங்கள் பள்ளியில் ஆங்கில வழி கணிதப் பிரிவில் சேர்த்திருந்தார் அவன் அப்பா.

அவனுக்கு என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்துப் பள்ளிகளின் ஒரு வழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பள்ளியைப் போன்ற பல தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தை நடத்துவதே இல்லை. அதற்குப் பொதுத்தேர்வு இல்லாததால், பிளஸ் ஒன்னில் சேர்ந்த சில வாரங்களிலேயே பிளஸ் டூ புத்தகத்தைப் பிரித்துவிடுவார்கள். இரண்டு வருடமும் ஒரே பாடம்; முதல் வருடம் நடத்துவது, இரண்டாம் வருடம் தேர்வு வைத்துக்கொண்டே இருப்பது. தமிழக அரசு 2017-18ஆம் கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வைக் கொண்டுவந்ததற்கு இந்த வழக்கம் ஒரு முக்கியக் காரணம். மெட்ரிக் பள்ளியிலிருந்து வந்த எங்களுக்கே அந்தத் தாவல் கஷ்டமாக இருந்தது. அவனுக்கு நடுவில் ஒரு வருடப் பாடமும் இல்லை, மொழியும் இல்லை. ‘Prove that’ என்றால் தெரியும். ‘Hence deduce’ என்று வந்தால் நின்றுவிடுவான். மேலே நிரூபித்ததை வைத்துத்தான் கீழே உள்ளதைக் கொண்டுவர வேண்டும் என்று அதற்கு அர்த்தம் என்பதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 200க்கு 38 வாங்கினான்.

எங்கள் கணக்கு வாத்தியார் விடைத்தாள் கொடுக்கும் முறை ஒன்று உண்டு. குறைந்த மார்க்கிலிருந்து தொடங்கி மேலே போவார். ஒவ்வொருவரும் எழுந்து, மேசை வரைக்கும் நடந்து, மார்க்கைத் தன் வாயால் சொல்லிவிட்டுத் தாளை வாங்க வேண்டும். அன்று முதலில் எழுந்தவன் அவன். “தர்ட்டி எய்ட் சார்” என்றான். “சத்தமா, தமிழ்ல சொல்லு, எல்லாருக்கும் புரியட்டும்.” “முப்பத்தெட்டு சார்.” வகுப்பு சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார்.

அதுவரை அவனுக்குப் பட்டப்பெயர் கிடையாது. மறுநாள் காலை, குளியலறை வரிசையில் “முப்பத்தெட்டு, தள்ளி நில்லு” என்று ஒருவன் சொன்னான். வேறொரு நாளாக இருந்தால் ஒரு வாரத்தில் அது காணாமல் போயிருக்கும். எத்தனையோ பெயர்கள் அப்படி வந்து போயிருந்தன. இது போகாததற்குக் காரணம், அந்த வாரக் கடைசியில் கணக்கு வாத்தியார் ஷெட்டுக்குள் நுழைந்து, “முப்பத்தெட்டு, எந்திரிச்சு போர்டுல போடு” என்று கூப்பிட்டதுதான். ஒரு மாணவன் வைத்த பெயருக்கு வாத்தியாரின் வாயால் அங்கீகாரம் கிடைத்த பிறகு, அதை எதிர்த்து அவன் யாரிடம் போக முடியும்?

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அவன் படிக்காதவன் இல்லை. எங்கள் விடுதியில் எல்லாருக்கும் முன்னால் எழுந்திருப்பவன் அவன். மூன்றரை மணிக்கே எழுந்து, தூங்குகிறவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று வராந்தாவின் கடைசியில் இருந்த ஒரே டியூப் லைட்டின் கீழே, பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து எழுதிப் பார்ப்பான். அதனால் அவனுக்கு இரண்டு பக்கமும் அடி. படிப்பதைப் பார்த்தால் ‘படிப்ஸ்’, மார்க்கைப் பார்த்தால் ‘தத்தி’. ஒரு ராத்திரி யாரோ இரண்டையும் சேர்த்து ஒரு கோஷமாக்கினார்கள். அவன் மெஸ்ஸுக்குள் நுழையும்போது ஒரு மூலையிலிருந்து ஒருவன் “மூணரை!” என்று கத்துவான். மற்ற மேசைகள் எல்லாம் சேர்ந்து “முப்பத்தெட்டு!” என்று முடிக்கும். தட்டைத் தட்டித் தாளம் வேறு.

கேலி எந்த இடத்தில் கொடுமையாகிறது என்று இப்போது யாராவது கேட்டால் நான் இந்தக் கோஷத்தைத்தான் சொல்வேன். ‘மக்கு’ என்பது அவன் வாங்கிய மார்க்கைக் கேலி செய்கிறது. அது வலிக்கும், ஆனால் அடுத்த தேர்வில் மார்க் ஏறினால் அந்தச் சொல்லுக்கு வேலை இல்லை. ‘மூணரை முப்பத்தெட்டு’ கேலி செய்தது அவனுடைய முயற்சியை. அதிகமாக முயன்றால் அதிகமாகக் கேலிக்கு ஆளாவான். அதிலிருந்து தப்பிக்க ஒரே வழி முயற்சியை நிறுத்துவது அல்லது மறைப்பது. அவன் முதலில் மறைத்தான், பிறகு நிறுத்தினான்.

மறைத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வராந்தாவில் உட்காருவதை விட்டுவிட்டு, போர்வைக்குள் சின்ன டார்ச்சை வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தான். யாராவது புரண்டு படுத்தால் வெளிச்சம் பட்டென்று அணையும். பிறகு அதுவும் இல்லாமல் போனது. தினத்தேர்வு நாட்களில் வயிற்று வலி என்று சிக் ரூமுக்குப் போனான். மெஸ்ஸில் கடைசிப் பந்திக்கு, கூட்டம் குறைந்த பிறகு வந்து, கிடைத்ததைச் சாப்பிட்டான். வாலிபாலில் நன்றாக லிஃப்ட் போடுகிறவன், ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்துக்கு வருவதையே விட்டான். இதையெல்லாம் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பரீட்சை நேரத்தில் எந்தப் பையனுக்கும் வயிறு வலிக்கும், எந்தப் பையனும் விளையாட்டைக் குறைத்துக்கொள்வான். சேர்த்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று இருந்தது: ஆள் கூடும் இடம் எதுவோ, அங்கே அவன் இல்லை.

மாதத்துக்கு ஒரு ஞாயிறு பெற்றோர் வந்து பார்க்கலாம். பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, வேப்பமரத்தடியில் எங்கள் வீட்டார் கொண்டுவந்த சாப்பாட்டை நான் பிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மரத்தடியில் அவன் அப்பா துணிப்பையோடு நின்றிருந்தார். விடுதி மாடியிலிருந்து ஒருவன் “டேய் முப்பத்தெட்டு, உங்கப்பா வந்துட்டார்ரா!” என்று கத்தினான். அவன் இறங்கி வந்ததும் அப்பா கேட்டது எனக்குக் காதில் விழுந்தது.

“அதென்ன கண்ணு, முப்பத்தெட்டுங்கறாங்க?”

“என்ற கட்டில் நம்பருப்பா.”

அவர் நம்பிவிட்டார். “நல்லாப் படிக்கறயா சாமி?” என்று தலையைத் தடவினார். அவன் தலையாட்டினான். வீட்டில் சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும் என்று பெரியவர்கள் சுலபமாகச் சொல்கிறார்கள். அவன் சொல்ல வேண்டியிருந்தது ஒரு கேலியை மட்டும் இல்லை. கடன் வாங்கிச் சேர்த்த அப்பாவிடம் 38 என்ற மார்க்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மார்க் குறைந்த பிள்ளைகள் வீட்டில் வாய் திறக்காததற்கு இதுதான் காரணம். புகார் செய்தால் தன் தோல்வியும் வெளியே வந்துவிடும்.

இதே நாட்களில் எனக்கும் ஒன்று நடந்தது. கணக்கு ஒரு மார்க் கேள்விகளுக்கென்று நான் ஒரு நோட்டு வைத்திருந்தேன். புத்தகத்தின் பின்னால் இருக்கும் வினாக்களோடு, பெற்றோர் ஆசிரியர் கழகம் வெளியிட்ட ‘கம் புக்’கிலிருந்தும் எடுத்து, விடையோடு குறுக்குவழியும் எழுதிச் சேர்த்த நோட்டு. முதல் ரிவிஷன் தேர்வுக்கு முந்தின ராத்திரி அது காணாமல் போனது. விடிந்த பிறகு குளியலறைத் தொட்டியில் மிதந்தது. மை கரைந்து, எழுத்தெல்லாம் நீலமாக ஓடியிருந்தது. “பழம் நனைஞ்சிருச்சு” என்று யாரோ சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தார்கள். அதுவும் கேலி எல்லையைத் தாண்டியதுதான். அன்று நான் அழுதேன்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். காலை பிரேயருக்கு முன்பே வார்டன் எங்கள் ஹாலில் விசாரணை வைத்தார். மதியத்துக்குள் ஆள் பிடிபட்டான். அவன் அப்பாவைப் போன் போட்டு வரவழைத்தார்கள். கணக்கு வாத்தியார் தன் நோட்டையே எனக்குக் கொடுத்தார். பள்ளி வாசலில் வைக்கப்போகும் ஃப்ளெக்ஸில் சென்டம் எடுத்தவர்கள் வரிசையில் என் படத்துக்கும் ஓர் இடம் எதிர்பார்க்கப்பட்டது. அதனால் என்னைத் தொட்டது பள்ளியைத் தொட்டதாகிவிட்டது. தினமும் மூன்று வேளை, வார்டன் கைகழுவும் இடத்தில் நிற்கும்போதே ‘மூணரை முப்பத்தெட்டு’ கோஷம் நடந்தது. அதற்கு ஒரு விசாரணையும் இல்லை. “டேய், சத்தம் போடாம சாப்பிடுங்கடா” என்பதோடு சரி.

பழம் என்ற கேலிக்கு ஒரு கூரை இருந்தது. அதற்கு மேல் அது போனால் யாராவது வந்து தடுப்பார்கள். ரிசல்ட் வந்தால் அந்தப் பெயரும் பெருமையாக மாறிவிடும். மார்க் குறைந்தவனின் பெயருக்குக் கூரையே இல்லை. அதைத் தடுக்க வேண்டியவர்களே அதற்குச் சொல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மார்க்கை வாயால் சொல்ல வைத்தது பள்ளி. கொட்டகையில் உட்கார வைத்தது பள்ளி. நாங்கள் அதைச் சுருக்கிப் பெயராக்கினோம். மாணவர்களின் வசைமொழியைத் திருத்த வேண்டுமென்றால் முதலில் ஆசிரியர் அறையில் புழங்கும் மொழியைத் திருத்த வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அவன் நிலையை முதலில் கண்டுகொண்டவர் எங்கள் வேதியியல் மிஸ். ராத்திரி ஸ்டடிக்கு வாரத்தில் சில நாட்கள் அவர் வருவார். அவருக்குச் சந்தேகம் வந்தது சின்ன விஷயத்தில். வருகைப் பதிவு எடுக்கும்போது அவன் பெயரைக் கூப்பிட்டார். அவன் பதில் சொல்லவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டபோதும் குனிந்தே இருந்தான். பக்கத்தில் இருந்தவன் முழங்கையால் இடித்து “டேய் முப்பத்தெட்டு” என்றதும் “எஸ் மிஸ்” என்று எழுந்தான். வகுப்பு சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. பதிவேட்டை மூடிவிட்டு அவனை வெளியே வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

அவர் எங்களுக்கு அறிவுரை சொல்லவில்லை. அவனை எல்லார் முன்னாலும் நிறுத்தி “இனி யாராவது இவனைக் கேலி செய்தால்…” என்று எச்சரிக்கவும் இல்லை. அப்படிச் செய்திருந்தால் அவன் ‘சொம்பு’ ஆகியிருப்பான். கோஷத்தை ஆரம்பிக்கிறவர்கள் இரண்டு பேர்தான், மற்றவர்கள் பின்பாட்டு என்பதைக் கண்டுபிடித்து, அந்த இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வேதியியல் விடைத்தாளை நான்காக மடித்து, மார்க் தெரியாமல் ஒவ்வொருவர் மேசையிலும் தானே கொண்டுபோய் வைத்தார். ராத்திரி ஸ்டடியில் ‘ஏ’, ‘ஷெட்டு’ என்ற வரிசையைக் கலைத்து உட்கார வைத்தார். அவனை என் பக்கத்தில் போட்டார். “ஒன்பதிலிருந்து பத்து வரைக்கும் கணக்கு. கேள்வியில இருக்கற இங்கிலீஷ மட்டும் நீ சொல்லு, கணக்க அவன் போடட்டும்” என்று என்னிடம் சொன்னார்.

அப்போதுதான் அவனுடைய நிலைமை எனக்கு எண்ணிக்கையில் புரிந்தது. கணக்கில் பாஸாக 70 வேண்டும். ஒரு மார்க் கேள்விகள் 40. அதில் 30 புத்தகத்தின் பின்னால் இருந்து அப்படியே வரும். பத்து மார்க் கேள்விகள் பத்து எழுத வேண்டும். ஷெட்டுக்குக் கொடுத்திருந்த ‘பாஸ் மெட்டீரியல்’ சொன்னது இதுதான்: பின்பக்க ஒரு மார்க் 30ஐயும் உருப்போடு, அணிகள், கலப்பெண்கள், குலங்கள், நிகழ்தகவு இவற்றிலிருந்து நான்கு பத்து மார்க் கேள்விகளைச் சரியாகப் போடு, 30ம் 40ம் 70. மற்றவர்கள் ‘மொட்டை உரு’ என்று கேலி செய்தது இந்தத் திட்டத்தைத்தான். அதில் ஒரு தப்பும் இல்லை. ஆங்கிலம் தெரியாத பையனுக்கு அது நியாயமான படகு. அதைக் கேலி செய்ததில்தான் தப்பு இருந்தது. ஒரு கணம் என்பது குலம் ஆகும் என நிறுவுவதற்கு எழுத வேண்டிய நான்கு விதிகளையும் அவன் வரிசையாகச் சொல்வான். ஏன் அந்த வரிசை என்று நான் விளக்கியபோது, “இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா உருப்போட்டே இருக்க மாட்டேன்” என்றான். அவன் தத்தி இல்லை என்பது எனக்குத் தெரிந்த ராத்திரி அது. அவனுக்கு அது எப்போதும் தெரியும். அதை அவன் நம்பத்தான் நாங்கள் விடவில்லை.

மிஸ்ஸால் எல்லாவற்றையும் மாற்ற முடியவில்லை. கணக்கு வாத்தியார் கடைசி ரிவிஷன் வரைக்கும் மார்க்கை வாயால்தான் சொல்ல வைத்தார். ஷெட்டு ஷெட்டாகவே இருந்தது. ஆனால் மெஸ் கோஷம் நின்றது. மார்ச்சில் தேர்வு எழுதினோம். மே மாத ரிசல்ட்டில் அவன் கணக்கில் நூறைத் தாண்டியிருந்தான். பொறியியலுக்குப் போகவில்லை, பிளஸ் டூ முடித்தவர்களை நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்க்கும் பாலிடெக்னிக் படிப்பில் சேர்ந்தான். இன்று சொந்தமாகத் தறிப்பட்டறை வைத்திருக்கிறான்.

பல வருடங்களுக்குப் பிறகு எங்கள் செட்டுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். யாரோ அவன் எண்ணைத் தேடிப் பிடித்துச் சேர்த்தார்கள். முதல் வரவேற்பு: “மூணரை!” அடுத்த நிமிடம் ஏழெட்டுப் பேர், சிரிக்கும் முகங்களோடு, “முப்பத்தெட்டு!” யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை; அவர்களுக்கு அது பழைய நாட்களின் இனிப்பு. அவன் ஒன்றும் எழுதாமல் குழுவை விட்டு வெளியேறினான். நான் போன் செய்தேன். “குழந்தைங்க என்ற போனை எடுத்துப் பாக்கறாங்க மாப்ள. இதென்னப்பான்னு கேட்டா நான் இப்பவும் கட்டில் நம்பர்னா சொல்றது?” என்றான்.

‘விளையாட்டுக்குத்தானே’ என்பவர்களுக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரிய வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு 1996இல் கொலை செய்யப்பட்டதைத் தொடர்ந்து, 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. ராகிங் என்றால் கல்லூரியில் சீனியர்கள் ஜூனியர்களுக்குச் செய்வது என்றே பள்ளியில் நாங்கள் நினைத்திருந்தோம். அந்தச் சட்டம் பேசுவது கல்வி நிறுவனங்களைப் பற்றி. ஒரு மாணவருக்கு மனத்துன்பமோ பயமோ வெட்கமோ உண்டாக்கும் கேலியும் வசையும் அதன் வரையறைக்குள் வருகின்றன. ஆசிரியர்களுக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அது 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களுக்கானது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வரும்போது அந்தக் காப்பு முடிந்துவிடுகிறது. பொதுத்தேர்வு பயம் உச்சத்தில் இருக்கும் வயது அதுதான்.

2017இல் தமிழக அரசு பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. மேலே இருப்பவர்களின் பெயரை ஊருக்கு அறிவிக்க வேண்டாம் என்று முடிவெடுக்க முடிந்தது. கீழே இருப்பவர்களின் மார்க்கை வகுப்புக்கு அறிவிக்க வேண்டாம் என்று ஒவ்வொரு ஆசிரியரும் தானே முடிவெடுக்கலாம். அதற்கு அரசாணை வேண்டியதில்லை. விடைத்தாளை மடித்துக் கொடுங்கள். மார்க்கை வரிசைப்படுத்திப் படிக்காதீர்கள். மெல்லக் கற்கும் மாணவர்களுக்குத் தனிப் பயிற்சி கொடுங்கள், தனி இடம் கொடுக்காதீர்கள். வகுப்பில் யாரையாவது மாணவர்கள் மார்க்கைச் சொல்லிக் கூப்பிட்டால், அன்றே அந்தப் பெயரை யார் ஆரம்பித்தார் என்று பாருங்கள். அது ஆசிரியர் அறையிலிருந்து வந்ததா என்றும் பாருங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. ஜனவரி முதல் மார்ச் வரை பிள்ளையிடம் எத்தனை மார்க் என்று கேட்பதோடு, “உன்னை கிளாஸ்ல என்ன பேர் சொல்லிக் கூப்பிடறாங்க?” என்றும் கேளுங்கள். பதில் சட்டென்று சிரிப்போடு வந்தால் பயமில்லை. பதில் வராமல் பேச்சு மாறினால், நன்றாகப் படிக்கிற பிள்ளை புத்தகத்தை மறைத்துவைத்துப் படித்தால், தேர்வு நாளில் மட்டும் வயிறு வலித்தால், பள்ளிக்கு நேரில் போங்கள். பள்ளி கேட்கவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய உதவி எண்கள் இருக்கின்றன. கட்டில் நம்பர் என்று சொன்னதை நம்பிப் போன அந்தத் தகப்பனுக்கு இதையெல்லாம் சொல்ல அன்று யாரும் இல்லை. உங்களுக்குச் சொல்லிவிட்டேன், இன்று ராத்திரியே கேளுங்கள்.